அழுக்கு எது, புள்ளி எது

ஏப்ரல் மாதம் என்றாலே ஜஹீராவுக்கு ஆகாது. வெயில் காரணமில்லை. தாம்பரத்தைச் சுற்றி முளைத்த தனியார் கல்லூரிகளில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு விலங்கியல் பாடம் எடுத்த காலம் முழுக்க, அவளை வீட்டுக்கு அனுப்பியது ஏப்ரலில்தான். "ஜூன்ல கூப்பிடறோம்மா" என்பார்கள். சில வருடம் கூப்பிட்டார்கள். சில வருடம் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். வேலை போய்விட்டது என்று அழக்கூட முடியாது. போக, அது வேலையாக இருந்திருக்க வேண்டுமே.

ஆகவே 2006-ல் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், சிறுசேரிக்குச் சற்று முன்னால் இருந்த அந்தக் கம்பெனியில் இடம் கிடைத்தபோது, என்ன கம்பெனி என்று அவள் பெரிதாக விசாரிக்கவில்லை. அமெரிக்கப் பள்ளிப் புத்தகங்களுக்கு இங்கே பக்கம் கட்டி அனுப்புகிற கம்பெனி. எழுத்து அங்கிருந்து வரும், படம் அங்கிருந்து வரும். இங்கே கோத்து, திருத்தி, பெயர் ஒட்டி அனுப்பவேண்டும். உயிரியல் படங்களில் எது என்ன என்று பார்த்துப் பெயர் போடுவது ஜஹீராவின் வேலை. ஒரு வருடம் சோதனைக் காலம், அப்புறம் நிரந்தரம். நிரந்தரம் என்ற சொல்லை மேலாளர் ஏகநாதன் நேர்முகத்தில் சொன்னபோது அவளுக்குத் தண்ணீர் குடிக்கவேண்டும் போல இருந்தது.

காலையில் மேற்குத் தாம்பரத்தில் கம்பெனி வேன் ஏறுவாள். வண்டலூர் தாண்டி, கேளம்பாக்கம் சாலையில் மாம்பாக்கம் வழியாக வேன் குலுங்கிக்கொண்டு போகும். கேளம்பாக்கத்தில் திரும்பினால் அகலப்படுத்துவதற்காகத் தோண்டிப்போட்ட பெரிய சாலை. செம்மண் புழுதி கண்ணாடி வழியாகவே உள்ளே வருமோ என்று தோன்றும். வேனில் பின் இருக்கை தயாளனுடையது. இரும்புலியூர்க்காரர், நாற்பதைத் தொட்டவர். தாம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களுக்கு டச்சப் செய்துகொண்டிருந்து, கம்ப்யூட்டர் கற்று, இங்கே படங்களைச் சுத்தம் பண்ணும் பிரிவுக்கு வந்தவர். பெண்ணின் முகத்தில் பருவை எடுப்பது, மாப்பிள்ளையின் அம்மைத் தழும்பை ஆற்றுவது, மாமனார் வேட்டியில் சாம்பார்க் கறையைப் போக்குவது என்று பழகிய கை. "நான் தொட்டா சாமியே ஒரு சுத்து வெளுப்பாய்டும்" என்பார்.

முதல்முறை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் அவர் மேசைக்கு வந்தபோது ஜஹீராவைக் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, இன்னா இது? நேத்து வச்ச ரசம் மாதிரி கீது. எது மேல, எது கீழன்னே தெரியல."

"இதுல மேல கீழ கிடையாதுண்ணா. ஒரு செல்லைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லிசா சீவி எடுத்தது."

"கலர் போட மாட்டானா?"

"கலரே இல்ல. வெளிச்சத்துல எடுத்தாத்தானே கலர். இது எலக்ட்ரான்ல எடுத்தது. எலக்ட்ரானை எது தடுக்குதோ அது கறுப்பு, எது விடுதோ அது வெளுப்பு."

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இந்த இடத்துல ஒண்ணு நீளமா கீது, அந்த இடத்துல ஒண்ணு ரவுண்டா கீது. ரெண்டுத்துக்கும் நீங்க ஒரே பேர் போட்டுகினு கீறீங்க. கம்பெனிக்குத் தெரிஞ்சா சம்பளம் கட்."

ஜஹீரா சிரித்தாள். இப்படி யாரும் கேட்டு வெகு நாளாயிற்று. கல்லூரியில் பிள்ளைகள் கேட்டதெல்லாம் பரீட்சைக்கு வருமா வராதா என்பது மட்டுந்தான். "வெள்ளரிக்காயைக் குறுக்க வெட்டினா வட்டம், நெடுக்க வெட்டினா நீளம். காய் ஒண்ணுதானே? இது மைட்டோகாண்ட்ரியா. உருவத்தை மட்டும் பாத்தா ஏமாந்துடுவீங்க. விளிம்பைப் பாருங்க, ரெண்டு கோடு. வெளிச் சவ்வு ஒண்ணு, உள்சவ்வு ஒண்ணு. உள்ள இருக்கிறது மடிஞ்சு மடிஞ்சு உள்ளயே நீட்டிக்கிட்டிருக்கும். அந்த மடிப்பு இருந்தா எப்படி வெட்டினாலும் இதுதான்."

"அப்ப இது? தோசை அடுக்கின மாதிரி."

"கோல்கி. தோசை லேசா வளைஞ்சிருக்கு பாருங்க, ஓரம் உப்பியிருக்கு. சுத்திலும் குட்டிக் குட்டிக் குமிழ். அதுல புள்ளி இருக்காது."

"இது? இதுல புள்ளி கீது."

"இது எண்டோபிளாச வலை. சொரசொரப்பு, வழவழப்புன்னு ரெண்டு வகை. தட்டையான பைங்க, பாய் விரிச்ச மாதிரி வரிசையா ஓடும். அது மேல வரிசையா புள்ளி ஒட்டியிருக்கும். புள்ளிதான் ரைபோசோம். அது இருந்தா சொரசொரப்பு. இன்னொண்ணு குழாய் குழாயா கிளை விட்டு ஓடும், வெட்டுல சின்னச் சின்ன வளையமாத் தெரியும், புள்ளி இருக்காது. அது வழவழப்பு."

தயாளன் ஒரு மாணவனைப் போல இரண்டு கையையும் கட்டிக்கொண்டு கேட்டார். அன்று மத்தியானம் அவள் டிபன் பாக்ஸ் காலியாகும்வரை பேசிக்கொண்டேயிருந்தாள். சொல்லிக்கொடுப்பதில் தனக்கு இவ்வளவு ஆசை மிச்சம் இருப்பது அவளுக்கே தெரியாது. பத்துப் பன்னிரண்டு வருடமாக இந்தப் படங்களைப் பார்க்கிறாள். அந்த நுண்ணோக்கியை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. கடலைப் பார்க்காமல் மீனுக்குப் பெயர் சொல்கிறவள். அதை அவரிடம் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து அவர் மறுபடி கூப்பிட்டார். ஒரு கல்லீரல் செல்லின் படம். மேலே கறுப்புக் கறுப்பாகச் சிதறியிருந்தது.

"இந்தப் புள்ளி ரைபோசோமா டீச்சரம்மா?"

அவள் எட்டிப் பார்த்தாள். கையில் வேறொரு பக்கத்தின் பிழைதிருத்தம் இருந்தது. ஏகநாதன் அதற்காக இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். "இல்லண்ணா, அது அழுக்கு. படத்துக்கு ஈய உப்பு போட்டுச் சாயம் ஏத்துவாங்க, அது திரண்டு விழுந்தது. எடுத்துடுங்க."

அது அழுக்குத்தான். சந்தேகமில்லை. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. மை சிந்தின கறுப்பு. சவ்வின் மேலும் விழுந்திருந்தது, மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் விழுந்திருந்தது, ஒன்றுமே இல்லாத வெற்றிடத்திலும் விழுந்திருந்தது. ரைபோசோம் அப்படி விழாது. எல்லாம் ஒரே அளவு. பையின் வெளிப்புறத்தில் மட்டும் ஒட்டும், பைக்குள்ளே போகாது. இதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். அப்போது அது ஒரு வரியாகக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. மூச்சுவிடுவதுபோல் தெரிந்ததை யார் எடுத்துச் சொல்வார்கள்?

நிரந்தரக் கடிதம் வர வேண்டிய மாதம் நெருங்கியது. வீட்டில் ஆசிப் அதைச் சும்மா விடவில்லை. அவளுடைய கணவன், சானடோரியம் பக்கம் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை.

"உன் கம்பெனியில பெர்மனென்ட் ஆனா என்ன செய்வாங்க? தாலி மாதிரி ஏதாவது கட்டுவாங்களா?"

"கழட்டிவிட மாட்டாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க. அது உங்களுக்குப் புரியாது. உங்க கடையில உங்களை யாரு போகச் சொல்லப்போறா?"

ஆசிப் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றி மாட்டினான். "போகச் சொன்னா சொல்லட்டும். வீட்ல இரு. நான் என்ன, சோறா போடல?" அவன் அன்பாகத்தான் சொன்னான். அவளுக்கு அது ஜூன் மாதக் கல்லூரி வாசல் போல இருந்தது.

அந்தச் சமயம் வந்த தொகுப்பில் செல் பற்றிய அத்தியாயம் இருந்தது. பழைய பதிப்பின் படங்களை எழுத்தில்லாமல் அனுப்பியிருந்தார்கள். கூடவே எந்தெந்தப் பெயர்கள் அத்தியாயத்தில் வரவேண்டும் என்ற வரிசை. எந்தப் பெயர் எந்தப் படத்தில் என்று இல்லை. உங்கள் நிபுணர் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு வரி. நிபுணர் என்ற சொல்லை ஜஹீரா இரண்டு தரம் படித்தாள்.

ஆறாவது படம் தயாளனிடமிருந்து சுத்தமாகி அவள் திரைக்கு வந்தது.

முதல் பார்வையில் அழகாக இருந்தது. இவ்வளவு தெளிவான எலக்ட்ரான் படத்தை அவள் பார்த்ததில்லை. ஓரத்தில் உட்கரு, சுற்றி இரட்டைச் சவ்வு, அதில் அங்கங்கே துளைகள். ஒரு மைட்டோகாண்ட்ரியா வட்டமாக, ஒன்று நீளமாக. ஒரு மூலையில் கரிய உருண்டைகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒற்றைச் சவ்வு. மீதி இடம் முழுக்கத் தட்டையான நீண்ட பைகள், உட்கருவைச் சுற்றி வளைந்து வளைந்து, ஒன்றன்பின் ஒன்றாக, குளத்தில் கல் போட்ட மாதிரி. அவற்றில் ஒன்று உட்கருவின் வெளிச் சவ்வோடு போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது.

புள்ளி இல்லை.

பையின் மேல் இல்லை. பைகளுக்கு நடுவில், சும்மா மிதக்கிற இடத்திலும் இல்லை. எங்குமே இல்லை. படம் தலைக்குக் குளித்துவிட்டு வந்து நின்றதுபோல இருந்தது. உயிரோடிருக்கிற எந்தச் செல்லும் இவ்வளவு சுத்தமாக இருக்காது.

உருவம் ஒன்று சொல்கிறது: தட்டைப் பை, வரிசை, உட்கருவோடு தொடர்பு, பக்கத்தில் சுரப்புக்குக் காத்திருக்கும் உருண்டைகள். சொரசொரப்பு. புள்ளி வேறொன்று சொல்கிறது: வழவழப்பு. வந்திருந்த பெயர்களில் இரண்டுமே இருந்தன. சொரசொரப்பு வலையை நாலாவது படத்தில், கையால் வரைந்த வரைபடத்தில், ஏற்கெனவே வைத்துவிட்டாள். வழவழப்பு இன்னும் எங்கும் வைக்கப்படாமல் தனியாக நின்றது. வைக்க வேறு படமும் இல்லை.

ஏகநாதனின் அறைக்குப் போனாள். ஏகநாதன் கெட்டவர் இல்லை. தினமும் அமெரிக்காவுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பாதி மனிதராகிப்போனவர்.

"சார், ஆறாவது படத்துக்கு ஒரிஜினல் ஸ்கேன் வேணும். நம்மகிட்ட சுத்தம் பண்ணது மட்டுந்தான் இருக்கு."

"ஏன், படத்துல என்ன?"

"ஷேப்பைப் பாத்தா சொரசொரப்பு மாதிரி இருக்கு சார்."

"புள்ளி இருக்கா?"

"இல்ல."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "ஜஹீரா, புள்ளி இருந்தா சொரசொரப்பு, இல்லன்னா வழவழப்பு. இது நான் சொல்லல. டீமுக்குன்னு நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க. நான்கூட மனப்பாடம் பண்ணிட்டேன்."

"அது சுலபமாப் புரியறதுக்குச் சொன்னது சார்."

"சுலபமாவே இருக்கட்டுமே. ஒரிஜினல் கேட்டா அது க்வெரி. க்வெரின்னா நம்ம பேர்ல ஒரு குறையா அவங்க கணக்குல ஏறும். இந்த வாரம் உங்க பெர்மனென்ட் பேப்பர் மேல போகுது. ஒரு க்வெரிகூட இல்லாத தொகுப்புன்னு எழுதலாம்னு நெனச்சேன். நீங்க வேணும்னா சொல்லுங்க, போட்டுடலாம். உங்க இஷ்டம்."

உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்தாள். ஒரிஜினலுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. தயாளன் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். காதில் பாட்டு, வாயில் மிக்சர். போய், "அண்ணா, ஆறாவது படத்துல புள்ளி எதுனா எடுத்தீங்களா?" என்று கேட்டால் முடிந்தது. நாலு எட்டு வைத்தால் போய்விடுகிற தூரம். அவள் போகவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் எழுதிக் கேட்க வேண்டும். தெரியாத வரைக்கும் அது வெறும் சந்தேகம், சந்தேகத்துக்கு யாரும் யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.

வழவழப்பு எண்டோபிளாச வலை என்று பெயர் போட்டு, கோட்டை நேராக இழுத்து, அனுப்பினாள்.

நிரந்தரக் கடிதத்துக்கு முன்னால் அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அத்தியாயத்தைச் சரிபார்த்த யாரோ ஒரு பேராசிரியர். பெயர் தவறு என்று மட்டும் எழுதியிருந்தால் திருத்தி அனுப்பியிருக்கலாம்; மாதத்தில் நாலு அப்படி வரும். அவர் எழுதியது வேறு. இது கணையத்தின் செல், நாளெல்லாம் நொதியைச் செய்து கொட்டுகிற செல். இதில் ரைபோசோம் இல்லை என்பது அடுப்படியில் அடுப்பு இல்லை என்பது போல. நான் பழைய பதிப்பை எடுத்துப் பார்த்தேன். அங்கே புள்ளிகள் இருக்கின்றன, இங்கே இல்லை. அறிவியல் சான்றில் கை வைத்திருக்கிறீர்கள். யார் வைத்தார்கள், ஏன் என்று எங்களுக்குத் தெரியவேண்டும்.

ஏகநாதன் இருவரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். திரையில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில். இடதுபுறம் ஒரிஜினல். ஜஹீரா அதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். ஒவ்வொரு பையின் வெளிவிளிம்பிலும் புள்ளிகள், எறும்பு வரிசை வைத்த மாதிரி. பைக்குள் ஒன்றும் இல்லை. உட்கருவின் வெளிச் சவ்விலும் ஒட்டியிருந்தன. எல்லாம் ஒரே அளவு. ஒரு குழந்தைக்குக்கூட அழுக்கு என்று தோன்றாது என்று நினைத்தாள். அப்புறம், தோன்றும் என்றும் நினைத்தாள். அது அழுக்கு என்று யாராவது பெரியவர் சொல்லியிருந்தால் தோன்றும்.

"இதை யாரு எடுத்தது?" என்றார் ஏகநாதன்.

"நான்தான் சார்," என்றார் தயாளன். குரலில் பயமில்லை; கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஃபில்டர் போட்டா கோடெல்லாம் மங்கிடும் சார். அதுனால கையாலயே ஒண்ணொண்ணா எடுத்தேன். கோடு ஒண்ணுகூட நவுரல, பாருங்க."

"ஏன் எடுத்தே?"

"அழுக்குன்னு எடுத்தேன்."

"அழுக்குன்னு யாரு சொன்னது?"

தயாளன் ஜஹீராவைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கிற பார்வையில்லை. வகுப்பில் பதில் சொல்லிவிட்டு டீச்சரைப் பார்க்கிற பார்வை. "மேடம்தான் சொல்லிக்கீறாங்க. சாயம் திரண்டு கறுப்பா விழும், அது அழுக்கு, எடுத்துடுங்கன்னு. எனக்கு இன்னா சார் தெரியும், நான் கல்யாணப் பொண்ணு மூஞ்சியப் பாத்தவன்."

ஏகநாதன் திரும்பினார். "ஜஹீரா, இந்தப் படத்துல இருக்கற புள்ளியை எடுக்கச் சொன்னீங்களா?"

நாக்கில் ஒரு முழு வாக்கியம் வந்து நின்றது. வேறு படத்தில் சொன்னேன் சார், அழுக்கையும் ரைபோசோமையும் எப்படிப் பிரிப்பது என்று சொல்லவில்லை, அது என் தப்பு. புள்ளி போனாலும் உருவம் மிச்சமிருந்தது, அதைப் பார்த்தும் நான்தான் மாற்றி எழுதினேன், உங்களிடம் வந்து சொல்லவும் செய்தேன். அந்த வாக்கியத்தின் கடைசிப் பகுதி ஏகநாதனையும் இழுக்கும். அவர் கண் அவள்மேல் அசையாமல் இருந்தது. அந்தப் பகுதி வேண்டாம் என்று அந்தக் கண் சொன்னது.

"இந்தப் படத்துல சொல்லல சார்."

ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

தயாளன் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம், வேண்டாத நேர்மையோடு, தலையாட்டினார். "ஆமா சார். இந்தப் படத்துக்குச் சொல்லல. அது வேற படம். ஈரல்."

அத்தோடு விசாரணை முடிந்தது.

யார் கை வைத்தார்கள் என்பதற்கு அமெரிக்காவுக்கு ஒரு பெயர் போயிற்று. ஏன் என்பதற்கு, உரிய பயிற்சி இல்லாத ஊழியர், நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று போயிற்று. பெயர் தவறாகப் போட்டதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அழித்த படத்தில் புள்ளி எப்படித் தெரியும், யார் பார்த்தாலும் வழவழப்பு என்றுதானே போடுவார்கள் என்று ஏகநாதனே சொல்லி, ஏகநாதனே தலையாட்டிக்கொண்டார்.

சாயங்காலம் தயாளன் மேசையைக் காலி செய்தார். காலி செய்ய அதிகமில்லை. ஒரு மிக்சர் டப்பா, ஒரு துண்டு, மானிட்டரில் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படம். ஜஹீரா பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணா..."

"விடுங்க டீச்சரம்மா. ஸ்டூடியோக்காரன் இன்னும் கூப்ட்டுகினுதான் கீறான். அங்க பரு எது, மச்சம் எதுன்னு பொண்ணோட அம்மாவக் கேட்டாலே சொல்லிடுவாங்க." துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒண்ணுதான். எது அழுக்குன்னு சொன்னீங்களே, எது அழுக்கு இல்லன்னும் சேத்துச் சொல்லிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்."

"இங்க சொல்றீங்க," என்றார். கண்ணாடி அறைப் பக்கம் தாடையைக் காட்டினார். "அங்க சொல்லல."

அன்று வேனில் அவர் ஏறவில்லை. பின் இருக்கையில் யாரோ பையை வைத்துக்கொண்டார்கள். மாம்பாக்கம் வரும்போது மழை பிடித்தது. ஜஹீரா ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். துளிகள் ஒட்டுவதும் வழிவதுமாக இருந்தன. அழுகை வரவில்லை. வந்தால் தேவலை என்று இருந்தது.

நிரந்தரக் கடிதம் அந்த மாதக் கடைசியில் வந்தது. கூடவே உயிரியல் பிரிவின் பொறுப்பும். இந்த மாதிரிப் பிழை மறுபடி நடக்காமல் பார்த்துக்கொள்ளத் தகுதியான ஆள் நீங்கள்தான் என்றார் ஏகநாதன், கையைக் குலுக்கி. ஆசிப் தாம்பரத்தில் நல்ல பிரியாணியாகப் பார்த்து வாங்கிவந்தான்.

"இனிமே ஏப்ரல் வந்தா பயமில்லல்ல?"

"இல்ல," என்றாள்.

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? அந்தக் கடுதாசியைக் குடு, நானாவது சந்தோஷப்படறேன்."

அவள் சாப்பிட்டாள். ஏதாவது கேட்பான் என்று நினைத்தாள். கேட்டால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அவன் எலும்பைக் கடிப்பதில் மும்முரமாக இருந்தான்.

பொறுப்பு வந்ததும் முதல் வேலை, படம் சுத்தம் செய்கிறவர்களுக்கும் பெயர் போடுகிறவர்களுக்கும் சேர்த்து ஒரு வகுப்பு. அவளே கேட்டு வாங்கிய வகுப்பு. இந்த முறை எதையும் விடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். திரையில் இரண்டு படங்களையும் போட்டாள். அழுக்கு எப்படி விழும், ரைபோசோம் எங்கே ஒட்டும் என்று விரல் வைத்துக் காட்டினாள். அளவைப் பாருங்கள், வரிசையைப் பாருங்கள், பையின் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சவ்வு ஒன்றா இரண்டா என்று எண்ணுங்கள். சந்தேகம் வந்தால் ஒன்றையும் அழிக்காமல் கேளுங்கள். நன்றாகவே சொன்னாள். தயாளனுக்குச் சொன்னதைவிட நன்றாக. ஆனால் இவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்கவில்லை. ஒருவன் மேசைக்கடியில் செல்போனில் பாம்பு விளையாடிக்கொண்டிருந்தான்.

அவனே தலையைத் தூக்கிக் கேட்டான். "இத்தினியையும் கையால அழிச்சாரா மேடம்? யாரு அந்த அறிவாளி?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"முன்னாடி இருந்த ஒருத்தர்," என்றாள் ஜஹீரா. அவள் வாயும் சிரிக்கிற மாதிரி போனது. அவள் அதைத் தடுக்கவில்லை.

முன்வரிசையில் ஜான்சி என்று ஒரு பெண், புதிதாகச் சேர்ந்தவள், சேலையூர்க் கல்லூரியில் விலங்கியல் முடித்து அந்த ஜூனில்தான் வெளியே வந்தவள். அவள் சிரிக்கவில்லை. அழித்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒரு டவுட்."

"சொல்லு."

"புள்ளியை எடுத்தது சரி, தெரியாம எடுத்துட்டாரு. ஆனா புள்ளி இல்லன்னாலும் கண்டுபிடிக்கலாமே மேடம். தட்டையான பைதானே இருக்கு, குழாய் இல்லையே. அதோ, உட்கருவோட ஒட்டிக்கிட்டு வேற இருக்கு. இதைப் பாத்துட்டு ஒருத்தர் எப்படி வழவழப்புன்னு பேர் போட்டாங்க?"

யாருக்கும் இந்தக் கேள்வியில் ருசியில்லை. பாம்பு விளையாடுகிறவன் மறுபடி குனிந்துவிட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏகநாதன் போனில் பேசிக்கொண்டு நடந்தார். ஜான்சி மட்டும் பேனாவைப் பிடித்துக்கொண்டு, பதில் வரும் என்ற முழு நம்பிக்கையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுவும் அவர்தான்," என்றாள் ஜஹீரா.

"டச்சப் பண்றவரே பேரும் போடுவாங்களா மேடம்?"

"அப்ப போட்டாங்க."

ஜான்சி தலையாட்டினாள். நம்பித்தான் ஆட்டினாளா என்று ஜஹீரா பார்க்கவில்லை. அடுத்த படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தாள். வளைந்த தோசை அடுக்கு, உப்பிய ஓரம், சுற்றிலும் குமிழ்கள். "இது என்னன்னு யாராவது சொல்லுங்க பாக்கலாம்," என்றாள்.